நாய்க்குட்டியின் வயிற்றுப் புழு: நமக்கிருக்கும் ஒரு வார அவகாசம்

"ம்மா, மணி மீஹூன் சாப்பிட்டு வாந்தி எடுத்திருக்கு!"

ஞாயிற்றுக்கிழமை காலை. வானொலியில் எனக்கு விடுமுறை நாள். முகம் கழுவக்கூட மனமில்லாமல் தேத்தண்ணீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தேன். மூன்று வயது மகள் கார் நிறுத்தும் இடத்திலிருந்து ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள். போய்ப் பார்த்தேன். மணி என்று அவள் பெயர் வைத்த குட்டி, வயிறு உப்பிப் போய் ஓரமாக நின்றுகொண்டிருந்தது. அதன் முன்னால் வெள்ளையாக, நீளமாக, சுருண்டு கிடந்தது மீஹூன் இல்லை. அதில் ஒன்று நெளிந்தது.

மணி எங்கள் வீட்டுக்கு வந்து நான்கே நாள். பக்கத்து வீட்டுப் பாட்டியின் பின்கட்டில் கறுப்பி என்ற தெருநாய் ஈன்ற ஐந்து குட்டிகளில் ஒன்று அது. புதன்கிழமை மாலை பாட்டி ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த நான்கு நாளும் என் மகள் மணியை முத்தமிட்டிருக்கிறாள், தன் ரொட்டியைப் பாதி கடிக்கக் கொடுத்திருக்கிறாள், அது படுத்த துணியில் தானும் படுத்திருக்கிறாள். எனக்குக் கை நடுங்கியது.

சத்தம் கேட்டுப் பாட்டி வேலிப்பக்கம் வந்தார். "பயப்படாதம்மா. பிள்ளைக்கு ஒரு கரண்டி விளக்கெண்ணெய் கொடு. எங்க தோட்டத்துல மாசம் ஒரு தடவ எல்லாப் பிள்ளைங்களுக்கும் அதுதான். பூச்சியெல்லாம் வந்துடும்" என்றார்.

நான் விளக்கெண்ணெய் கொடுக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, பிள்ளையைப் பற்றியதே அல்ல.

"குட்டி உங்க வீட்டுக்கு வந்து எத்தனை நாள் ஆச்சு?"

அந்தக் கேள்வியின் பொருள் புரிந்தபோதுதான் என் பயம் பாதி இறங்கியது. மீதிப் பாதி பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பியது.

புதிய மலமா, பழைய மண்ணா?

நாய்க்குட்டிகளின் குடலில் இருக்கும் இந்த உருண்டைப் புழுவுக்கு 'டாக்ஸோகாரா கேனிஸ்' என்று பெயர். பெண் புழு பதினைந்து சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். ஒரே நாளில் பல்லாயிரக்கணக்கில் முட்டையிடும். முட்டைகள் கண்ணுக்குத் தெரியாது. குட்டியின் மலத்தோடு அவை வெளியே வரும்.

இங்கேதான் பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. வெளியே வந்த அன்று அந்த முட்டையால் யாருக்கும் கேடில்லை. அதற்குள் இளம்புழு இன்னும் உருவாகியிருக்காது. ஈரமும் சூடும் உள்ள மண்ணில் கிடந்து முட்டை முதிர வேண்டும். அதற்கு ஒன்று முதல் நான்கு வாரம் ஆகும். குளிர் நாடுகளில் அதையும் தாண்டலாம். நம் நாட்டு வெப்பத்தில் பெரும்பாலும் ஒன்பது, பத்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் முதிர்ந்துவிடும். அதன் பிறகுதான் அதை விழுங்கும் பிள்ளைக்கு ஆபத்து. முதிர்ந்த முட்டை நிழலான ஈர மண்ணில் மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும்.

அதனால்தான் டாக்டர் நாட்களை எண்ணினார். புதன்கிழமை வந்த குட்டி எங்கள் வீட்டில் போட்ட மலத்துக்கு அதிகபட்ச வயது நான்கு நாள். அதிலிருந்த முட்டைகள் இன்னும் முதிரவில்லை. "இன்னைக்கே சுத்தம் பண்ணிட்டீங்கன்னா, உங்க வீட்டுல பிரச்சினை தொடங்குறதுக்கு முன்னாலேயே முடிஞ்சுடும்" என்றார்.

முத்தம் கொடுத்ததும் முகத்தை நக்கவிட்டதும்? அது நல்ல பழக்கமில்லைதான். ஆனால், பிள்ளைகளுக்கு இந்தப் புழு வரும் முக்கிய வழி அதுவல்ல. மண்ணைத் தொட்ட கை வாய்க்குப் போவதும், மண்ணையே தின்பதும்தான் முக்கிய வழி. பழைய அழுக்கு மண்ணில் புரண்ட குட்டியின் ரோமத்தில் மட்டும் முதிர்ந்த முட்டை ஒட்டியிருக்கக்கூடும். வெளியிலிருந்து குட்டியைக் கொண்டுவந்தால் முதல் நாளே சோப்புப் போட்டுக் குளிப்பாட்டச் சொல்வது இதனால்தான்.

பாட்டியின் விளக்கெண்ணெய் ஏன் உதவாது?

பாட்டி சொன்னதில் ஒரு காலத்து அனுபவம் இருக்கிறது. அந்தக் காலத் தோட்டத்துப் பிள்ளைகளின் வயிற்றில் இருந்தது மனிதர்களுக்கே உரிய உருண்டைப் புழு. நாக்குப்பூச்சி என்பார்களே, அது. அது மனிதக் குடலிலேயே வளர்ந்து, அங்கேயே வாழும். ஆகவே பேதிக்குக் கொடுத்தால் சில புழுக்களாவது வெளியே வந்து விழும்.

நாயின் புழு அப்படியல்ல. அதன் முதிர்ந்த முட்டையைப் பிள்ளை விழுங்கினால், குடலில் முட்டை உடைந்து இளம்புழு வெளியே வரும். மனித உடல் அதற்குச் சொந்த வீடு இல்லை. குடலில் தங்கிப் பெரிய புழுவாக வளர அதற்குத் தெரியாது. குடல் சுவரைத் துளைத்து இரத்தத்தில் கலந்து ஈரலுக்கும் நுரையீரலுக்கும் போகும். அபூர்வமாகக் கண்ணுக்கும் மூளைக்கும் போகும். வழி தெரியாத ஆள் போல உடலுக்குள் அலைந்துகொண்டிருக்கும்.

இதிலிருந்து மூன்று விஷயம் விளங்கும். ஒன்று, குடலில் புழுவே இல்லாதபோது பேதி மருந்தால் பயனில்லை. இரண்டு, பிள்ளையின் மலத்தைச் சோதித்தாலும் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் அங்கே முட்டையிடும் புழு கிடையாது. மூன்று, இது ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குத் தொற்றாது.

பார்மசியில் கிடைக்கும், ஒரே வேளை கொடுக்கும் பூச்சி மாத்திரையும் குடற்புழுவுக்கானதுதான். அதைக் கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடக் கூடாது.

என் மகளுக்கு டாக்டர் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, ஈரல் வீங்கவில்லை, மண் தின்னும் பழக்கமும் இல்லை. "மருந்தில்லாமல் அனுப்புகிறாரே" என்று எனக்கு மனம் கேட்கவில்லைதான். அவர் பொறுமையாகச் சொன்னார். முட்டையை விழுங்கிய பிள்ளைகளிலும் பெரும்பாலானோருக்கு எந்தத் தொல்லையும் வராது. சில இளம்புழுக்கள் நுழைந்தால் உடம்பே அவற்றைச் சுற்றி வளைத்து அடக்கிவிடும். அறிகுறி இல்லாத பிள்ளைக்கு மருந்து தேவையில்லை.

எழுந்து கிளம்பும்போது அவர் இன்னொரு கேள்வி கேட்டார். "குட்டிகள் பிறந்து வளர்ந்த இடம் எது? அங்கே பிள்ளைகள் விளையாடுறாங்களா?"

பாட்டி வீட்டுப் பின்கட்டு

கறுப்பி ஈன்றது ஆறு வாரத்துக்கு முன்னால். நாய்க்குட்டிகள் பிறக்கும்போதே புழுவோடுதான் பிறக்கின்றன என்பதை மறுநாள் கால்நடை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். தாய் நாயின் தசைகளுக்குள் இளம்புழுக்கள் உறங்கிக் கிடக்கும். அது சினையான பின், கடைசி மூன்று வாரத்தில் அவை விழித்துக்கொண்டு நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குள் போய்விடும். பிறந்த பிறகு தாய்ப்பால் வழியாகவும் போகும். ஆகவே தாய் நாய் கொழுகொழுவென்று இருந்தாலும் குட்டிக்குப் புழு இருக்கும். குட்டி பிறந்து மூன்று வாரத்தில் அந்தப் புழுக்கள் வளர்ந்து முட்டையிடத் தொடங்கிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு வாரக் குட்டி என்றால், மூன்று வாரமாகப் பாட்டியின் பின்கட்டு மண்ணில் முட்டைகள் விழுந்துகொண்டிருக்கின்றன. முதலில் விழுந்தவை முதிர்ந்திருக்கும். அதோடு, ஏழு மாதத்துக்கு முன்னால் கறுப்பி அதே வாழைமரத்தடியில் இன்னொரு முறையும் ஈன்றிருந்தது. அந்தக் குட்டிகள் எங்கெங்கோ போய்விட்டன. அவை விட்டுப்போன முட்டைகள் போகவில்லை.

அந்த வாழைமரத்தடிதான் பாட்டியின் நான்கு வயதுப் பேரனின் விளையாட்டு மைதானம். மண்ணில் வீடு கட்டுவான், தேங்காய்ச் சிரட்டையில் மண் சோறு ஆக்குவான். ஆக்குவது மட்டுமல்ல, கொஞ்சம் தின்றும் பார்ப்பான். பாட்டியே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

அவனுக்கு இரண்டு மாதமாக இருமல். இரவில் மூச்சில் விசில் சத்தம் கேட்கும். ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று மருந்து கொடுத்திருந்தார்கள். விட்டு விட்டுக் காய்ச்சல், வயிற்று வலி, சரியாகச் சாப்பிடுவதில்லை. இதையெல்லாம் நான் வேலியோரம் நின்று பலமுறை கேட்டிருக்கிறேன். ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போட்டுப் பார்த்ததில்லை.

அன்று மாலை அவன் அம்மாவிடம் போய், "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று தொடங்கினேன். டாக்டரிடம் இரண்டு விஷயத்தை மட்டும் மறக்காமல் சொல்லச் சொன்னேன்: பையன் மண் தின்கிறான், வீட்டில் நாய் குட்டி போட்டிருக்கிறது. இந்த இரண்டையும் அவர்கள் அதுவரை எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை. டாக்டர்கள் கேட்டதும் இல்லை.

அந்த வாரமே இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை அணுக்களில் ஈசினோஃபில் என்று ஒரு வகை உண்டு. ஒவ்வாமையிலும், திசுக்களுக்குள் புழு அலையும்போதும் அது கூடும். அவனுக்கு மிக அதிகமாக இருந்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்ததில் ஈரலும் சற்று வீங்கியிருந்தது. பிறகு, இந்தப் புழுவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் தனிச் சோதனையும் செய்தார்கள். முடிவு 'பாசிட்டிவ்' என்று வந்தது. குழந்தை மருத்துவ நிபுணர் அல்பெண்டசோல் மருந்தை ஐந்து நாளைக்கு, தினமும் இருவேளை கொடுத்தார். ஒரே வேளை பூச்சி மாத்திரைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். மருந்தின் பெயர் ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் கொடுக்கும் அளவும் நாட்களும் வேறு. இதை வீட்டில் நாமே முடிவு செய்யக் கூடாது.

இருமல் மெல்ல மெல்லக் குறைந்தது. இரத்தத்தில் ஈசினோஃபில் பழைய நிலைக்கு இறங்க மாதங்கள் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். எதிர்ப்பொருள் சோதனை நெடுநாள் 'பாசிட்டிவ்' என்றே காட்டக்கூடும் என்றும் சொன்னார்கள். அது பழைய தொற்றின் தடமாகவும் இருக்கலாம். அதை மட்டும் பார்த்து, பிள்ளைக்கு இன்னும் நோய் இருக்கிறது என்று கலங்க வேண்டியதில்லை.

கண்ணை ஏன் பார்த்தார்கள்?

பேரனைக் கண் மருத்துவரிடமும் அனுப்பினார்கள். பாட்டிக்கு அது புரியவில்லை. "இருமலுக்கும் கண்ணுக்கும் என்னம்மா?" என்றார்.

இதற்குப் பின்னால் ஒரு வருத்தமான வரலாறு இருக்கிறது. 1950இல் அமெரிக்காவில் ஹெலனர் வைல்டர் என்ற நோய்க்கூறு ஆய்வாளர், பிள்ளைகளிடமிருந்து அகற்றப்பட்ட கண்களை ஆராய்ந்தார். அவற்றில் பலவும் விழித்திரைப் புற்றுநோய் என்ற சந்தேகத்தில் எடுக்கப்பட்டவை. உள்ளே அவர் கண்டது புற்றுநோய் அல்ல, இளம்புழு. இரண்டு ஆண்டு கழித்து, 1952இல், பால் பீவரும் அவருடன் இருந்தவர்களும் பிள்ளைகளின் ஈரலில் அலைந்த இளம்புழு நாய்களின் இந்தப் புழுதான் என்று காட்டினார்கள்.

கண்ணுக்குப் புழு போவது அபூர்வம். போனால் பெரும்பாலும் ஒரே கண்ணைத்தான் தாக்கும். காய்ச்சல், இருமல் எதுவும் இல்லாமலும் வரும். பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளிடம்தான் இது கூடுதலாகக் காணப்படுகிறது. வலி இல்லாததாலும், மற்றக் கண் நன்றாகத் தெரிவதாலும் பிள்ளை ஒன்றும் சொல்லாது. பார்வை போனது பெற்றோருக்கே தெரியாமல் மாதங்கள் ஓடிவிடும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியது எளிது. தொலைக்காட்சி பார்க்கும்போது விளையாட்டுப் போல ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் பிள்ளை சிணுங்கினால், கையைத் தட்டிவிட்டால், மற்றக் கண்ணில் குறை இருக்கலாம். புதிதாக மாறுகண் தோன்றினாலும், பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். காரணம் புழுவோ வேறு எதுவோ, உடனே கண் மருத்துவர் பார்க்க வேண்டியது அது.

பேரனின் கண்கள் இரண்டும் நன்றாக இருந்தன. பாட்டி அன்று மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

மணிக்கு மருந்து

திங்கட்கிழமை காலை நிகழ்ச்சியை முடித்த கையோடு மணியைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். முதலில் அவர் தராசில் வைத்தார். 1.8 கிலோ. நாய்க்குட்டிப் புழுவுக்கு அதிகம் பயன்படும் பைரன்டெல் என்ற மருந்தைப் பொதுவாக ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று கொடுப்பார்கள். மணிக்கு 9 மில்லிகிராம்.

"அப்படின்னா எத்தனை சொட்டு டாக்டர்?" என்று கேட்டேன். அவர் இரண்டு புட்டிகளை எடுத்துக் காட்டினார். ஒன்றில் ஒரு மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் மருந்து. மற்றதில் சுமார் 4.5 மில்லிகிராம். முதல் புட்டியில் மணிக்கு 0.18 மில்லிலிட்டர் போதும். இரண்டாவதில் 2 மில்லிலிட்டர் வேண்டும். "போன தடவ எவ்வளவு கொடுத்தோமோ அவ்வளவுதான்" என்று வேறு புட்டியிலிருந்து கொடுத்தால் பத்து மடங்கு கூடும், அல்லது பத்தில் ஒரு பங்காகிப் புழு அப்படியே இருக்கும். அதனால், நண்பர் வீட்டு நாயின் மருந்தைக் கடன் வாங்காதீர்கள். குட்டியை நிறுத்து, அந்தந்தப் புட்டிக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு முறை கொடுத்தால் போதாதா? போதாது. இந்த மருந்து குடலில் இருக்கும் புழுவைத்தான் வெளியேற்றும். குட்டியின் ஈரலிலும் நுரையீரலிலும் இன்னும் அலைந்துகொண்டிருக்கும் இளம்புழுக்களை அது தொடாது. அவை பின்னால் குடலுக்கு வந்து சேரும். அவை வளர்ந்து முட்டையிடுவதற்கு முன் அடுத்த வேளை மருந்து உள்ளே இருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று கணக்கு வைத்திருப்பது அதனால்தான்.

பிறந்ததிலிருந்து நம்மிடம் இருக்கும் குட்டி என்றால் 2, 4, 6, 8 வாரங்களில் மருந்து கொடுக்க வேண்டும். முதல் மருந்து இரண்டாம் வாரத்திலேயே தொடங்குவதைக் கவனியுங்கள். முட்டை வெளிவரும் மூன்றாம் வாரத்துக்கு முன்னால் முந்திக்கொள்வதுதான் நோக்கம். அதன்பின் ஆறு மாத வயது வரை மாதம் ஒரு முறை. பிறகு ஆயுளுக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. மணிக்குத் தாமதமாகத் தொடங்கியதால் 6, 8, 10 வாரங்களில் கொடுத்து, பிறகு மாதாந்திரக் கணக்குக்கு மாற்றச் சொன்னார்.

தாய் நாயையும் விட்டுவிடக் கூடாது. குட்டிகளை நக்கிச் சுத்தம் செய்யும்போது தாய்க்கும் புழு ஏறும். குட்டிகளுக்குக் கொடுக்கும் அதே நாட்களில் கறுப்பிக்கும் மருந்து கொடுத்தோம். மீதி நான்கு குட்டிகளையும் ஒரு கூடையில் வைத்து என் வீட்டுக்காரர் கொண்டுபோய் வந்தார்.

மருந்து கொடுத்த அடுத்த இரண்டு நாளும் மலத்தில் புழு விழும். பார்த்துப் பயப்பட வேண்டாம், மருந்து வேலை செய்கிறது என்று பொருள். அந்த இரண்டு நாளும் பிள்ளைகளைக் குட்டியிடம் விடாமல், மலத்தை உடனுக்குடன் எடுத்துவிடுங்கள்.

எதைக் கழுவுவது, எதைக் கழுவ முடியாது?

அந்த ஞாயிறு நான் முதலில் செய்தது கார் நிறுத்தும் இடம் முழுவதும் குளோரின் ஊற்றியதுதான். வீண் வேலை. இந்த முட்டையின் ஓடு மிகத் தடித்தது. வீட்டில் நாம் பயன்படுத்தும் கிருமிநாசினிகள் அதைக் கொல்லாது. கையில் தடவும் ஜெல்லும் அப்படித்தான்.

கொல்வது சூடு. சிமெண்டுத் தரையில் மலத்தை முழுவதும் வழித்தெடுத்த பிறகு, கொதிக்கும் நீரை ஊற்றித் தேய்க்க வேண்டும். பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு செய்யுங்கள். குட்டி படுக்கும் துணிகளையும் கொதிநீரில் போட்டு, சுள்ளென்ற வெயிலில் காயவைக்கலாம்.

மண்ணைக் கழுவ முடியாது. ஆகவே அங்கே முந்திக்கொள்வது மட்டும்தான் வழி. குட்டியின் மலத்தைத் தினமும் எடுத்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். தினமும் எடுத்துவிட்டால் முட்டைக்கு முதிர நேரமே கிடைக்காது. மழைக்கு முன்னால் எடுங்கள். மழை கரைத்துவிட்டால் மலம் கண்ணிலிருந்து மறையும், முட்டை மண்ணில் தங்கும். செடிக்கு உரமென்று புதைக்கவும் வேண்டாம்.

ஏற்கெனவே கெட்டுப்போன மண்ணை என்ன செய்வது? பாட்டி வீட்டு வாழைமரத்தடியில் மேல்மண்ணை மண்வெட்டியால் சீவி எடுத்து, தடித்த பைகளில் கட்டி அப்புறப்படுத்தினார்கள். அந்த இடத்தில் பாதிக்குச் சிமெண்டு போட்டு, மீதிக்கு வேலி அடைத்தார்கள். பேரனுக்கு வேறு இடத்தில் ஒரு மணல் தொட்டி வைத்து மூடியும் செய்தார்கள். மூடி மிக முக்கியம். பூனைக்கும் இதே இனத்தில் ஒரு புழு உண்டு. திறந்து கிடக்கும் மணல் என்றால் தாமானில் உள்ள பூனைகளுக்கெல்லாம் அதுதான் கழிப்பறை.

கை கழுவுவதற்கும் இங்கே காரணம் வேறு. சோப்பு முட்டையைக் கொல்வதில்லை. முட்டை பிசுபிசுப்பானது, தோலில் ஒட்டிக்கொள்ளும். சோப்பும் ஓடும் தண்ணீரும் சேர்ந்து அதைத் தேய்த்து உதிர்த்துவிடும். வாளித் தண்ணீரில் கையை முக்கி எடுப்பது போதாது. மண்ணில் விளையாடிய பிறகும், சாப்பிடுவதற்கு முன்னும், குட்டியைத் தொட்ட பிறகும் குழாயடியில் நின்று தேய்க்க வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். மண் தங்குவது அங்கேதான். பின்கட்டில் பறிக்கும் கீரையையும் ஓடும் நீரில் அலசிய பிறகே அடுப்பில் ஏற்றுங்கள்.

பிள்ளை மண் தின்பதை விடவே மாட்டேன் என்கிறதா? அதைக் குறும்பு என்று விடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சில பிள்ளைகளுக்கு இரத்தச் சோகை இருந்தாலும் அந்த ஆசை வரும்.

குட்டியைக் கொடுத்துவிடலாமா?

இதையெல்லாம் ஒரு நாள் காலை நிகழ்ச்சியில் பேசினேன். ஒரு நேயர் அழைத்தார், குரலில் பதற்றம். "எங்க வீட்டுல ரெண்டு வயசுப் பையன் இருக்கான் மேடம். போன வாரம்தான் குட்டி வாங்கினோம். இப்பவே யாருக்காவது கொடுத்துடட்டுமா?"

குட்டிக்கு என்ன வயது, மருந்து கொடுத்தாயிற்றா என்று கேட்டேன். எட்டு வாரம், ஒரு முறையும் கொடுக்கவில்லை என்றார். வீட்டுக்கு வந்து ஆறு நாள். என் டாக்டர் என்னிடம் செய்ததைத்தான் நான் அவரிடம் செய்தேன், நாட்களை எண்ணினேன். குட்டியைக் கொடுத்துவிட்டால் ஆறு நாளாக மண்ணில் கிடப்பது அங்கேயேதான் கிடக்கும். இன்று மாலைக்குள் அதை எடுங்கள், நாளை குட்டியை நிறுத்து மருந்து கொடுங்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கொடுங்கள், பையனுக்கு இருமலோ காய்ச்சலோ நீடித்தால் வீட்டில் குட்டி இருப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள் என்றேன். மறுமுனையில் காகிதமும் பேனாவும் தேடும் சத்தம் கேட்டது.

மணிக்கு இப்போது ஐந்து மாதம். எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மகளின் தடுப்பூசி அட்டைக்குப் பக்கத்தில் மணியின் மருந்து அட்டையும் ஒட்டியிருக்கிறது. தினமும் வேலைக்குக் கிளம்பும் முன், இருட்டில் டார்ச் லைட்டும் பிளாஸ்டிக் பையுமாக வாசலைச் சுற்றி வருகிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் பாட்டியும் ஒரு பையோடு நிற்கிறார்.

"இன்னைக்கு எத்தனைம்மா?"

"ரெண்டு பாட்டி. உங்க பக்கம்?"

"கறுப்பியோடது ஒன்னு. மழை வர்ற மாதிரி இருக்கு, சீக்கிரம் எடுத்துடு."